வாட்சன் ஏன் கதை சொல்கிறார்? துப்பறிவாளரின் தோழர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் கதை படிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள். ‘சில்வர் பிளேஸ்’ கதையின் முடிவை முழுதாகவே சொல்லியிருக்கிறேன். வேறு சில கதைகளின் முடிவும் வரும். ‘சில்வர் பிளேஸ்’ படிக்காதவர்கள் அதை ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் நல்லது. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறுகதைதான்.

மூளை ஹோம்ஸுடையது. அவரே கதை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மர்மம் போய்விடும். ஹோம்ஸ் ஒரு பொருளைப் பார்க்கும்போதே அது எதைக் காட்டுகிறது என்று அவருக்குப் பாதி புரிந்துவிடுகிறது. ‘நான்’ என்று கதை சொல்கிறவர் கண்ணில் பட்டதையும் சொல்ல வேண்டும், மனதில் பட்டதையும் சொல்ல வேண்டும். மனதில் பட்டதைச் சொன்னால் குற்றவாளி யார் என்பது கதையின் நடுவிலேயே தெரிந்துவிடும். சொல்லாமல் விட்டால், ‘இவர் தெரிந்துகொண்டே மறைக்கிறார்’ என்று வாசகருக்கு எரிச்சல் வரும். இரண்டில் எதைச் செய்தாலும் கதை கெடும்.

வாட்சன் வந்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஹோம்ஸ் பார்க்கும் அதே பொருளை அவரும் பார்க்கிறார், ஒளிக்காமல் சொல்கிறார். அதன் அர்த்தம் அவருக்கு எட்டவில்லை. அதனால் அதைச் சொல்வதில்லை. தடயம் உடனே நம் கைக்கு வந்துவிடுகிறது, விளக்கம் மட்டும் கடைசிவரை தள்ளிப்போகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஹோம்ஸின் புத்திசாலித்தனத்தைத் தூக்கிக் காட்டுவதற்காகத்தான் வாட்சன் இருக்கிறார் என்று பலரும் சொல்கிறார்கள். அந்த வேலையையும் அவர் செய்கிறார்தான். ஆனால் காண்பதற்கும் புரிவதற்கும் நடுவில் ஒரு நேர்மையான இடைவெளியை உண்டாக்குவதுதான் அவருடைய முதல் வேலை என்பது என் எண்ணம்.

இதைத் தொடங்கிவைத்தது கானன் டாயிலா?

இல்லை, எட்கர் ஆலன் போ. 1841-ல் வந்த ‘ரூ மோர்க் கொலைகள்’ கதையில் துப்பான் என்ற பாரிஸ்காரர் துப்பறிகிறார்; அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நண்பர் கதையைச் சொல்கிறார். அந்த நண்பருக்குப் பெயர்கூடக் கிடையாது. டாயில் 1887-ல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலை எழுதியபோது அந்த நிழலுக்கு ஒரு பெயரும், மருத்துவப் பட்டமும், ஆப்கன் போரில் வாங்கிய குண்டுக் காயமும், வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் நிலைமையும் கொடுத்தார். அமைப்பு போவுடையது. அதில் ஒரு மனிதரை உட்காரவைத்தது டாயில்.

ஒரு கதையை எடுத்து, இது எந்த இடத்தில் எப்படி நடக்கிறது என்று காட்ட முடியுமா?

‘சில்வர் பிளேஸ்’ (1892) இதற்குத் தோதான கதை. டார்ட்மூரில் ஒரு குதிரை லாயம். பெரிய பந்தயம் ஒன்றில் ஓடவேண்டிய குதிரை இரவில் காணாமல் போகிறது. அதன் பயிற்சியாளர் ஜான் ஸ்ட்ரேக்கர் மண்டை உடைந்து வெட்டவெளியில் பிணமாகக் கிடக்கிறார். அன்று இரவு லாயத்தில் காவலிருந்த பையன், சாப்பாட்டில் அபின் கலந்திருந்ததால் மயங்கிக் கிடந்தான். முந்தைய சாயங்காலம் லாயத்தைச் சுற்றிவந்த சிம்ப்ஸன் என்ற பந்தயச் சூதாடியைப் போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது. இறந்தவர் கையிலிருந்த கழுத்துத்துணியும் சிம்ப்ஸனுடையதுதான்.

லண்டனிலிருந்து போகும் ரயிலில் ஹோம்ஸ் இந்த விவரங்களை வாட்சனிடம் ஒன்றுவிடாமல் சொல்கிறார். காவல் பையனுக்குப் போன இரவுச் சாப்பாடு மசாலா போட்ட ஆட்டுக்கறி என்பதும் அதில் வருகிறது. வாட்சன் அதை நமக்கு அப்படியே சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நாமும் போய்விடுகிறோம். கொலையும் குதிரையும் பெரிய விஷயங்களாக முன்னால் நிற்கும்போது பையன் என்ன சாப்பிட்டான் என்பதில் யார் நிற்பார்கள்?

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. வண்டி பயிற்சியாளரின் வீட்டு வாசலில் நிற்கிறது. எல்லோரும் இறங்குகிறார்கள். ஹோம்ஸ் மட்டும் வானத்தைப் பார்த்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். வாட்சன் கையைத் தொட்டதும் திடுக்கிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்குகிறார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பும் நடையில் ஓர் அடக்கிய பரபரப்பும் தெரிகின்றன. அவருக்கு ஏதோ துப்புக் கிடைத்துவிட்டது என்று பழகிய பழக்கத்தால் வாட்சனுக்குப் புரிகிறது. எங்கே கிடைத்தது என்பதுதான் புரியவில்லை.

அந்த நொடியில்தான் ஹோம்ஸுக்கு ஆட்டுக்கறியின் அர்த்தம் பிடிபட்டது. கடைசியில் அவரே சொல்கிறார். அபினுக்கு ஒரு சுவை உண்டு. சாதாரணச் சாப்பாட்டில் கலந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். மசாலா அதை மறைக்கும். வெளியூர்க்காரனான சிம்ப்ஸன் அபினோடு வந்த அதே இரவில் தற்செயலாக இந்தச் சமையல் அமைந்தது என்றால் நம்ப முடியாது. ஆகவே, அன்றைக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்யக்கூடிய ஆட்கள் மேல்தான் சந்தேகம் போகிறது. அதாவது ஸ்ட்ரேக்கரும் அவர் மனைவியும்.

இதே காட்சியை ஹோம்ஸ் எழுதியிருந்தால், ‘வண்டி நின்றபோது ஆட்டுக்கறி என் நினைவுக்கு வந்தது’ என்றுதான் எழுதியாக வேண்டும். அங்கேயே கதை பாதி உடைந்துவிடும். வாட்சன் எழுதுவதால் கண்டுபிடிப்பு நடக்கும் கணமே நம் கண்முன் இருக்கிறது, வெளியிலிருந்து தெரியும் அளவுக்கு மட்டும். ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்கிறோம். உள்ளே என்ன ஓடுகிறது என்பதற்காகக் காத்திருக்கிறோம்.

கிளம்பும் நேரத்தில் இன்னும் இரண்டு தடயங்கள். அங்கே மேயும் ஆடுகளுக்குச் சமீபத்தில் ஏதாவது ஆனதா என்று ஹோம்ஸ் ஒரு பையனிடம் கேட்கிறார். மூன்று ஆடுகள் நொண்டுகின்றன என்கிறான். ஹோம்ஸுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்தது அந்தப் புகழ்பெற்ற நாய். இரவில் நாய் செய்த விசித்திரமான காரியத்தைக் கவனியுங்கள் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறார். நாய் ஒன்றுமே செய்யவில்லையே என்கிறார் இன்ஸ்பெக்டர். அதுதான் விசித்திரம் என்கிறார் ஹோம்ஸ். யாரோ உள்ளே வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போயும், மேலே தூங்கிய பையன்கள் விழிக்கும் அளவுக்கு நாய் குரைக்கவில்லை. வந்தவர் அதற்கு நன்றாகத் தெரிந்தவர்.

பந்தயம் முடிந்து லண்டன் திரும்பும் ரயிலில்தான் எல்லாம் சேர்கின்றன. கடன் தொல்லையிலிருந்த ஸ்ட்ரேக்கரே குதிரையை இரவில் ஓட்டிப்போய், அதன் பின்னங்காலில் வெளியே தெரியாத ஒரு சின்னக் கீறல் போட்டு நொண்டவைக்கப் பார்த்தார். முதலில் ஆடுகளிடம் பழகிப்பார்த்தார். குதிரை மிரண்டு உதைத்தது, அவர் செத்தார். கொலையாளி குதிரைதான். இந்த முடிவுக்குத் தேவையான கறி, ஆடு, நாய் மூன்றையும் வாட்சன் முன்பே நம்மிடம் கொடுத்துவிட்டார். திரும்பப் படித்தால், நம் கண்ணில் படாமல் எதுவும் ஒளிக்கப்படவில்லை என்று தெரியும்.

அப்படியானால் வாட்சன் முட்டாளா?

இல்லவே இல்லை. அதே கதையில் இறந்தவர் கையிலிருந்த மெல்லிய, விசித்திரமான கத்தியைப் பார்த்து, இது கண்புரை அறுவைக்குப் பயன்படும் கத்தி என்று அடையாளம் சொல்கிறவர் வாட்சன்தான். மருத்துவர் இல்லாவிட்டால் அந்தத் தடயமே கிடைத்திருக்காது. பொருள் இன்னது என்று அவருக்குத் தெரிகிறது; இவ்வளவு நுணுக்கமான கத்தியை ஒருவர் நள்ளிரவில் ஏன் கொண்டுபோனார் என்ற அடுத்த படிக்குத்தான் அவர் ஏறுவதில்லை.

வாட்சனை அசடாக்கியதில் சினிமாவுக்குப் பங்கு உண்டு. 1939 முதல் 1946 வரை வந்த படங்களில் நைஜல் புரூஸ் அவரைத் தடுமாறும், முணுமுணுக்கும் சிரிப்பு மனிதராக நடித்தார். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். திரையில் காட்டும் வேலையைக் கேமரா எடுத்துக்கொள்கிறது. கதை சொல்லும் பொறுப்பு போன வாட்சனுக்கு வேறு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும், நகைச்சுவையைக் கொடுத்தார்கள். புத்தகத்தில் இருக்கும் வாட்சனை அந்தப் படங்களை வைத்து எடைபோடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

வாட்சன் தப்பாக ஊகிக்கும் காட்சிகள் எதற்கு? நேரத்தை இழுக்கவா?

நம் முதல் ஊகத்தைக் கழித்துவிட. ‘பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்’ நாவலின் தொடக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன கைத்தடி ஒன்று இருக்கிறது. அதில் சி.சி.எச். நண்பர்கள் கொடுத்தது என்று பொறித்திருக்கிறது. வாட்சன் அதை வைத்து, உடையவர் நிறைய நடக்கும் கிராமத்து மருத்துவர், வயதானவர், ‘எச்’ என்பது உள்ளூர் வேட்டைச் சங்கமாக இருக்கும் என்கிறார். யோசித்தால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். ஹோம்ஸ் ‘எச்’ என்றால் மருத்துவமனை, ‘சி.சி.’ என்றால் சேரிங் கிராஸ் என்கிறார். அங்கிருந்து, உடையவர் இளைஞர் என்ற முடிவுக்கு வருகிறார். கிராமத்து மருத்துவர், நடக்கிறவர் என்பதில் வாட்சன் சரிதான்.

எழுத்தாளர் இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறார். சுலபமான விடை மேசைமேல் வந்து, தப்பு என்று தள்ளப்பட்டுவிடுகிறது; அதனால் அது முடிவாக இருக்காது என்று வாசகருக்குத் தெரிகிறது. அதோடு, வாட்சன் பாதி சரியாகச் சொல்வதால், முறை இதுதான், கொஞ்சம் கவனம் போதும் என்ற தைரியமும் வருகிறது. ஹோம்ஸ் நேரடியாக விடையைச் சொல்லியிருந்தால் அது வெறும் மாயாஜாலமாகத் தெரிந்திருக்கும்.

தோழர் எவ்வளவு மந்தமாக இருக்கலாம்? கணக்கு ஏதாவது உண்டா?

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், பத்து விதிகள் வகுத்தார். ஒன்பதாவது விதி தோழரைப் பற்றியது. அவர் மனதில் ஓடும் எதையும் மறைக்கக்கூடாது; அவர் அறிவு சராசரி வாசகரின் அறிவைவிடக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், குறைவாக இருக்கவேண்டும்.

அந்த ‘மிகக் கொஞ்சம்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அரை அடி பின்னால் வரும் தோழர், வாசகருக்கு ‘எனக்கு இது முன்னாலேயே தெரியும்’ என்ற சின்னச் சந்தோஷத்தைக் கொடுக்கிறார். பத்து அடி பின்னால் வந்தால், வாசகர் அவருக்காக நின்று நின்று அலுத்துப்போவார். கதை இப்படிக் கெட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே புரிந்த ஒன்றை விளக்கச் சொல்லித் தோழர் ஐந்தாம் அத்தியாயத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்.

வாட்சன் எல்லாம் முடிந்த பிறகுதானே எழுதுகிறார்? விடை தெரிந்துகொண்டே மறைப்பது ஏமாற்று இல்லையா?

கூர்மையான கேள்வி. கதையில் இரண்டு வாட்சன்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஹோம்ஸோடு டார்ட்மூரில் நடக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்னொருவர் பிறகு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார், அவருக்கு எல்லாம் தெரியும். எழுதுகிறவர், நடந்தவரின் அறியாமையை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கிறார். நாம் வேறு பேச்சில்லாமல் இதற்குச் சம்மதிக்கிறோம். நடந்ததை யாரும் நடந்த வரிசையில் சொல்வது வழக்கம்தானே.

ஆனால் டாயிலுக்கே இது உறுத்தியிருக்கிறது. ‘தி குரூக்கட் மேன்’ (1893) கதையில் ஹோம்ஸ், சில விவரங்களை வாசகருக்குத் தராமல் உன் கையிலேயே வைத்துக்கொள்வதால்தான் உன் கதைகள் எடுபடுகின்றன என்று வாட்சனைக் குத்திக்காட்டுகிறார். சில கதைகளில் அது உண்மையும்கூட. ஹோம்ஸ் தரையிலிருந்து எதையோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அது என்ன என்று வாட்சனுக்கும் நமக்கும் காட்டாமல் போனால், அது நேர்மையான மறைப்பு இல்லை. அர்த்தத்தை மறைக்கலாம், பொருளை மறைக்கக்கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டிய கதைகள் எனக்கு இரண்டாம் தடவை படிக்கும்போது சப்பென்று ஆகிவிடுகின்றன.

நாம் தோழர்மேல் வைக்கும் இந்த நம்பிக்கையையே கதையின் மர்மமாக்கி அகதா கிறிஸ்டி 1926-ல் ஒரு நாவல் எழுதினார். இன்னும் படிக்காதவர்களுக்காக அதன் பெயரைச் சொல்லவில்லை. நாக்ஸின் ‘எதையும் மறைக்கக்கூடாது’ என்ற விதி அதற்கு மூன்று வருடம் கழித்து வந்தது என்பதை மட்டும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஹோம்ஸே சொன்ன கதைகளும் இருக்கின்றனவாமே? அவை எப்படி?

இரண்டு இருக்கின்றன, இரண்டும் 1926-ல் வந்தவை. வாட்சன் ஏன் தேவை என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

‘தி பிளாஞ்ச்ட் சோல்ஜர்’ கதையில் ஒரு பணியாளர் கழற்றி வைத்த கையுறையை ஹோம்ஸ் முகர்கிறார். தார் வாசனை. அதாவது கிருமிநாசினி, வீட்டில் நோயாளி ஒருவரை மறைத்து வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதே ஹோம்ஸ் புலம்புகிறார்: என் கதையை நானே சொல்வதால் சீட்டைக் காட்டவேண்டியிருக்கிறது, வாட்சனாக இருந்தால் இந்தக் கண்ணியை ஒளித்துக் கடைசியில் அசத்தியிருப்பார் என்று.

‘தி லயன்ஸ் மேன்’ இன்னும் மோசமாக மாட்டிக்கொள்கிறது. சசெக்ஸ் கடற்கரையில் ஒருவர் முதுகெல்லாம் சாட்டையடி போன்ற தழும்புகளோடு, ‘சிங்கப் பிடரி’ என்று சொல்லிவிட்டுச் சாகிறார். கொன்றது அந்தப் பெயர்கொண்ட ஜெல்லிமீன். இது ஹோம்ஸுக்கு முன்பே படித்துத் தெரிந்த விஷயம். உடனே ஞாபகம் வந்தால் கதை இல்லை. ஆகவே டாயில் அவருக்கு மறதியைக் கொடுக்கிறார். எங்கேயோ படித்திருக்கிறேன், என்னவென்று பிடிபடவில்லை என்று ஹோம்ஸ் தவிக்கிறார். அப்புறம் மாடி அறையில் புத்தகத்தைத் தேடி எடுக்கிறார். வாட்சன் இல்லாத இடத்தில் ஹோம்ஸையே கொஞ்ச நேரம் வாட்சனாக்க வேண்டியிருக்கிறது.

ஹோம்ஸ் தன் நண்பரிடமே ஏன் எதையும் சொல்வதில்லை? செயற்கையாக இருக்கிறதே.

மோசமான கதையில் செயற்கையாகத்தான் இருக்கும். நல்ல கதையில் சொல்லாததற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கும். ‘தி டையிங் டிடெக்டிவ்’ (1913) கதையில் ஹோம்ஸ் சாகக் கிடப்பதுபோல் நடித்து வாட்சனையே நம்பவைக்கிறார். ஒரு குற்றவாளியை அந்த அறைக்கு வரவழைக்க வேண்டும். கூப்பிடப் போகிறவர் வாட்சன். அவருக்கு நடிக்க வராது. உண்மையிலேயே பதறினால்தான் அந்த ஆள் நம்புவான். வாட்சனுக்கு விஷயம் தெரியாதது இங்கே வாசகருக்காக மட்டும் செய்த ஏற்பாடு இல்லை, குற்றவாளியைப் பிடிக்கும் பொறியில் ஒரு பாகம்.

கிறிஸ்டி தன் துப்பறிவாளர் பொய்ரோவின் தோழர் ஹேஸ்டிங்ஸை ஏன் பாதியில் கழற்றிவிட்டார்?

தோழர் சொல்லும் கதைக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு. தோழர் இல்லாத இடத்தில் எதுவும் நடக்க முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் நடந்த பேச்சு வேண்டுமானால் யாராவது வந்து அவரிடம் சொல்லவேண்டும். ஹேஸ்டிங்ஸ் 1920-ல் முதல் பொய்ரோ நாவலிலேயே வந்துவிட்டார், 1923-ல் வந்த நாவலின் முடிவிலேயே அவருக்குக் கல்யாணமாகி அர்ஜென்டினா போகும் வழி பிறந்துவிட்டது. அப்புறம் அவ்வப்போது திரும்பினாலும் 33 பொய்ரோ நாவல்களில் எட்டில்தான் வருகிறார். 1936-ல் வந்த ‘ஏ.பி.சி. கொலைகள்’ நாவலில் கிறிஸ்டி இரண்டையும் கலந்து பார்த்தார்: பெரும்பகுதி ஹேஸ்டிங்ஸ் சொல்கிறார், அவர் கண்ணில் படாத சில அத்தியாயங்கள் படர்க்கையில் இருக்கின்றன.

தமிழில் கணேஷ், வசந்த் ஜோடியில் வாட்சன் யார்?

யாரும் இல்லை. சுஜாதா அந்தக் கதைகளைப் பெரும்பாலும் படர்க்கையில்தான் எழுதினார். வசந்த் இளையவர், குறும்புக்காரர், ஆனால் மந்தமானவர் இல்லை. சில நேரம் கணேஷுக்கு முன்னால் ஓடுவார். வாட்சன் செய்யும் வேலையை அங்கே இருவரின் பேச்சு செய்கிறது. ஊகங்கள் வாயால் வெளியே வருகின்றன, ஒருவர் சொன்னதை மற்றவர் உடைக்கிறார். அதில் வேகம் கிடைக்கிறது. ஆனால் வண்டியில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் ஹோம்ஸின் முகத்தை ஒரு நண்பரின் குரலில் கேட்கும் அனுபவம் வேறு வகை. அதற்கு ‘நான்’ என்று சொல்கிற ஒருவர் வேண்டும்.

நான் இப்படி ஒரு கதை எழுதுகிறேன். தோழரை வைத்து எங்கே ஆரம்பிக்க?

முதலில் குற்றம் எப்படி நடந்தது என்பதைத் துப்பறிவாளருக்குத் தெரிந்த அளவில் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து ஒவ்வொரு தடயத்துக்கும், தோழர் அதை எங்கே பார்க்கிறார், பார்த்து என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி. அந்த நினைப்பு தப்பாக இருக்கலாம், ஆனால் அவர் தொழிலுக்கும் சுபாவத்துக்கும் பொருந்திய தப்பாக இருக்கவேண்டும். மருத்துவர் உடம்பைப் பார்ப்பார், சாப்பாட்டுத் தட்டை விட்டுவிடுவார். தடயத்தை ஒரு பத்தியின் கடைசி வரியாகத் தனியே நிறுத்தாதீர்கள், வாசகர் பிடித்துவிடுவார். ஆட்டுக்கறியைப்போல, வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் வையுங்கள்.